வினைமுற்றில் ஒளிந்திருக்கும் கடவுள்

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் எல்லா மதத்தவருக்கும் பொதுவான அறை ஒன்று உண்டு. சில நாற்காலிகள், அலமாரியில் பைபிளும் குர்ஆனும் கீதையும், சுருட்டிவைத்த தொழுகை விரிப்புகள், மெக்கா இருக்கும் திசையைக் காட்டும் சிறு அம்புக்குறி. சுவரில் நிரந்தரமான சிலுவையோ சாமி படமோ பெரும்பாலும் இருக்காது. சுவரைக் காலியாக வைப்பது எளிது. பத்துப் பேர் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டுமென்றால்தான் சிக்கல்.

கடவுள் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எம்.எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐ.நா. சபையில் பாடிய ‘மைத்ரீம் பஜத’ அப்படிப்பட்ட பாட்டு. காஞ்சிப் பெரியவர் எழுதியது. போரை விடச் சொல்கிறது, எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் பூமியைத் தாய் என்றும் இறைவனைத் தந்தை என்றும் அதில் ஓர் இடம் வருகிறது. உலகைப் படைத்த கடவுள் என்ற எண்ணமே இல்லாத பௌத்தரும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். ஐ.நா. மேடைக்கு அது குறையே அல்ல. அப்பாவை அவசர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு இந்த அறையில் வந்து உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அந்த ஒரு வரி உறுத்தும்.

தமிழில் எழுதிப் பார்த்தால் சிக்கல் இன்னும் நன்றாகத் தெரியும். ‘அமைதி தருவாய், வலி தீர்ப்பாய்’ என்று தொடங்குவோம். கடவுள் பெயர் இல்லை. ஆனாலும் தருவது யார்? ‘தருவாய்’ என்ற வினைமுற்றுக்குள்ளேயே ஒரு ‘நீ’ உட்கார்ந்திருக்கிறது. வாசலில் அனுப்பிய கடவுள் கொல்லைப்புறமாக வந்துவிட்டார். ‘அமைதி வரட்டும்’ என்று மாற்றினால் யாரையும் விளிக்க வேண்டியதில்லை. நம்புகிறவர் அதை வேண்டுதலாகப் பாடலாம், நம்பாதவர் விருப்பமாகப் பாடலாம்.

‘வலி தீரட்டும்’ என்பதும் நிற்காது. வலி தீராது என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருக்கக்கூடும். ‘மூச்சு சீராகட்டும்’ என்றால், மூச்சு நின்றவரின் மனைவி பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். ‘கையோடு கை சேரட்டும்’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உறவில்லாத ஆணும் பெண்ணும் தொடுவதை ஆசாரமான யூதரும் முஸ்லிம்கள் பலரும் தவிர்ப்பார்கள். ‘பொழுது மெல்ல நகரட்டும்’ என்பது விடைபெறும் குடும்பத்துக்குப் பொருந்தும், வலியில் துடிப்பவருக்குத் தண்டனை. இத்தனையும் கழித்தபின் மிஞ்சுவது இவ்வளவுதான்:

இந்தப் பொழுது அமைதியாகட்டும்
அருகில் ஒருவர் இருக்கட்டும்
சொல் வராத இடத்தில்
ம்ம்… ம்ம்…

கவிதை என்று பார்த்தால் ரொம்பச் சாதாரணம். ஆனால் கடைசி வரிதான் இதில் அதிகம் உழைக்கிறது. மொழி தெரியாதவரும் தொண்டை அடைத்தவரும் அந்த முணுமுணுப்பில் சேர்ந்துகொள்ளலாம்.

சொல்லுக்கு மட்டுமல்ல, மெட்டுக்கும் மதம் உண்டு. ஐந்து ஸ்வரம் மட்டுமே உள்ள மோகனம் எல்லார் வாயிலும் எளிதாக வரும். சீன, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகளிலும் அந்த ஸ்வரங்களைக் கேட்கலாம். ஆனால் அதை மூன்று அட்சர நடையில், கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்குத் தாவித் தொடங்கினால், ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவப் பாட்டின் சாயல் வந்துவிடும். ஆகவே ஷட்ஜத்திலேயே தொடங்கி, நான்கு அட்சர நடையில், தைவதத்தைத் தாண்டாமல் நிறுத்துவது நல்லது. அழுதவர்களுக்கு மேல்ஸ்தாயி எட்டாது. ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சில் முடிய வேண்டும்.

வாத்தியம் வேண்டாம். முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் வாத்திய இசையை ஏற்பதில்லை. வெறும் குரலுக்கு அவ்வளவு எதிர்ப்பு கிடையாது. இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் படுக்கையருகே பாடுவதற்காக, கேட் மங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி 2000இல் கலிபோர்னியாவில் ‘திரெஷோல்ட் கொயர்’ குழுவைத் தொடங்கினார். அவர்களுக்கும் வாத்தியம் கிடையாது. இரண்டு மூன்று பேர், தாலாட்டுக்குரிய தாழ்ந்த குரல், சில வரிப் பாட்டு, திரும்பத் திரும்ப.

இவ்வளவு செய்தும் ஓரிரு இடங்களில் பாட்டு தோற்கும். பெண் பாடுவதை ஆண் கேட்கக் கூடாது என்பது ஆசார யூதர்களிடையே உள்ள வழக்கம். யெகோவாவின் சாட்சிகள் பிற மதத்தவரோடு சேர்ந்து வழிபடுவதில்லை. இதை எந்த வரியை மாற்றியும் சரிசெய்ய முடியாது. நேரத்தைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பாட்டு என்று கதவில் ஒட்டிவிட்டால், வேண்டாதவர்கள் வேறு நேரத்தில் வருவார்கள். அந்தத் தாளில் ‘பிரார்த்தனை’ என்று எழுதாமல் ‘பாட்டு, பத்து நிமிடம்’ என்றே எழுதலாம். எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம், கண்ணை மூடவோ கைகூப்பவோ சொல்ல வேண்டாம். கதவை ஒட்டி ஒரு நாற்காலியைக் காலியாக விட்டால், நடுவில் நர்ஸ் வந்து கூப்பிடும்போது யாரையும் தாண்டாமல் எழுந்து போக முடியும்.