வரத்தும் கூடுது, விலையும் கூடுது

காய்கறி விலை ஏறினால் நாளிதழில் பெரும்பாலும் ஒரே தலைப்புதான் வரும்: ‘வரத்துக் குறைவால் விலை உயர்வு.’ பல நாட்களில் அது சரியாகவே இருக்கும். ஆனால், ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கமிஷன் கடை வாசல்களில் வழக்கத்தைவிட அதிக மூட்டைகள் இறங்கியிருக்கும். கால் வைக்க இடம் தேடித்தான் நடக்க வேண்டும். வரத்து கூடியிருக்கிறது, கூடவே விலையும் ஏறியிருக்கிறது. காய் இவ்வளவு குவிந்து கிடக்கும்போது விலை ஏன் ஏற வேண்டும்?

திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள இந்தச் சந்தைக்கு வரும் காயில் பெரும்பகுதி கேரளாவுக்குத்தான் போகிறது. அத்தம் நாளில் தொடங்கும் ஓணம் பத்தாம் நாள் திருவோணத்தில் முடியும். கடைசி இரண்டு, மூன்று நாட்களில்தான் காய்கறிக்கு உண்மையான நெருக்கடி. திருவோணத்துக்கு முதல் நாளான உத்திராடத்தன்று கேரளக் கடைத்தெருக்களில் நடக்கும் ஓட்டத்துக்கு ‘உத்ராடப் பாச்சில்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவியல், சாம்பார், ஓலன், எரிசேரி, தோரன், பச்சடி என்று ஒவ்வொரு வீட்டு இலைக்கும் ஒரே நாளில் காய் வேண்டும். அது ஆவணி மாதம் என்பதால் தமிழ்நாட்டிலும் ஆடி முடிந்து கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கியிருக்கும். இரண்டு பக்கத்துத் தேவையும் ஒரே சந்தையில் வந்து மோதுகிறது.

புடலங்காயை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, நடப்பு விலை அல்ல. சாதாரண நாளில் ஒரு கமிஷன் கடைக்கு 100 மூட்டை வருகிறது. கிலோ 30 ரூபாய் என்றால் 100 மூட்டைக்கும் ஆள் இருக்கிறது. ஓண வாரத்தில் விவசாயிகள் 120 மூட்டை கொண்டுவருகிறார்கள். ஆனால், அதே 30 ரூபாய்க்கு இப்போது 180 மூட்டை கேட்கிறார்கள். 60 மூட்டை இல்லை. யாராவது விலகித்தான் ஆக வேண்டும்.

ஏலம் 40 ரூபாயைத் தொட்டதும், உள்ளூர் ஹோட்டலுக்கு வாங்க வந்தவர் ‘கோஸ் கூட்டு வைத்துக்கொள்ளலாம்’ என்று நகர்கிறார். கேட்பு 155 மூட்டையாகக் குறைகிறது. 50 ரூபாயில் இங்குள்ள சில்லறைக் கடைக்காரர்கள் சிலர் கையை மடக்கிக்கொள்கிறார்கள், 135. விலை 60 ரூபாய்க்கு வரும்போதுதான் கேட்பும் வந்த மூட்டையும் 120 என்று சமமாகின்றன. வரத்து ஐந்தில் ஒரு பங்கு கூடியும் விலை இரண்டு மடங்கு! அந்த 60 ரூபாயை எந்த முதலாளியும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. விலகிப் போனவர்களில் கடைசி ஆள் எந்த இடத்தில் விலகினாரோ, அங்கேதான் விலை நின்றது.

60 மூட்டைக் குறைவுக்கு இவ்வளவு பெரிய தாவல் ஏன்? வாங்குகிறவர் எளிதில் விலகாததுதான் காரணம். மற்ற நாளில் புடலை விலை கூடினால் சுரைக்காய்க்குப் போய்விடுவோம். அவியலில் புடலையும் முருங்கையும் சேனையும் இருந்தே தீர வேண்டும் என்று நினைக்கிற வீடு, வருஷத்தில் ஒரு நாளுக்காகக் கூடுதலாகப் பத்து, இருபது ரூபாய் கொடுக்கத் தயங்குவதில்லை. விட்டுக்கொடுக்கிறவர்கள் குறைவாக இருந்தால், அவர்களைத் தேடிப் பிடித்து விலக்க விலை நெடுந்தூரம் ஏற வேண்டியிருக்கிறது.

சரி, விலை ஏறினால் விவசாயி கூடுதலாகக் கொண்டுவர மாட்டாரா? கொண்டுவருவார், கொடியில் இருக்கிற அளவுக்கு. இன்னும் இரண்டு நாள் விடலாம் என்ற பிஞ்சையும் சேர்த்துப் பறிப்பார். மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டிய காயை இங்கே திருப்பிவிடுவார். அதனால்தான் ஓணம் கொண்டாடாத திண்டுக்கல் வீதியிலும் காய்க்காரம்மாவிடம் விலை ஏறுகிறது. அதற்கு மேல் புதிதாகக் காய் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே விதைத்திருக்க வேண்டும். உப்பேரிக்குப் போகும் நேந்திரன் இன்னும் பிடிவாதமான பயிர். கன்று நட்டுத் தார் வெட்டப் பத்துப் பதினோரு மாதம் ஆகும். அடுத்த ஓணத்துக்கு எத்தனை தார் என்பது முந்தைய புரட்டாசி, ஐப்பசியிலேயே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. இன்றைக்கு எந்த விலை கொடுத்தாலும் ஒரு தார்கூட முன்கூட்டி முற்றாது.

எல்லாக் காய்க்கும் ஒரே ஏற்றம் இருக்காது என்பதைக் கவனித்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். ஓலனுக்கு வேண்டிய நீர்ப்பூசணியை வாரக்கணக்கில் இருப்பு வைக்கலாம். ஓணத்துக்கென்றே முன்கூட்டிச் சேர்த்து வைக்கிறார்கள். தேவை கூடும் நாளில் அந்த இருப்பு வெளியே வருவதால் அதன் விலை ஓரளவு அடக்கமாகவே ஏறுகிறது. புடலையையும் பயறையும் அப்படி வைக்க முடியாது. பறித்த மறுநாளே வாட ஆரம்பித்துவிடும். பண்டிகை விலை என்றதும் ‘பதுக்கிட்டாங்க’ என்று நாம் சொல்வது உண்டு. வெங்காயத்திலும் பருப்பிலும் அந்தச் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. புடலங்காயைப் பதுக்கினால் மூன்றாம் நாள் குப்பைக்குத்தான் போகும்.

ஏற்றத்துக்குக் காரணம் தேவையா, விளைச்சல் குறைவா என்று பிரித்துப் பார்க்க நான் இரண்டு விஷயங்களை விசாரிப்பேன். ஒன்று, வந்த மூட்டை எத்தனை? மூட்டை குறைந்து விலை ஏறினால் வயலில் ஏதோ நடந்திருக்கிறது. மூட்டையும் கூடி விலையும் ஏறினால் வாங்குகிறவர் பக்கம்தான் காரணம். இரண்டாவது, பண்டிகை முடிந்த வாரத்தின் விலை. தேவையால் ஏறிய விலை பண்டிகையோடு இறங்கிவிடும். இரண்டு வாரம் கழித்தும் இறங்கவில்லையென்றால் மழையையோ டீசலையோ விசாரிக்க வேண்டும்.

தேவை திடீரென்று காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. அந்த வருஷம் திருவோணம் ஆகஸ்ட் 25. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது பெருவெள்ளம் கேரளாவை மூழ்கடித்தது. சாலைகள் அறுந்தன. ஓண விழாக்களை ரத்து செய்த மாநில அரசு, அந்தப் பணத்தை நிவாரணத்துக்கு ஒதுக்கியது. இந்தப் பக்கம் பந்தலில் காய் குறையவில்லை. ஓணத்தை நம்பி நட்ட வாழை, நட்டபடியே தார் தள்ளி நின்றது. வாங்க வர வேண்டியவர்கள்தான் முகாம்களில் இருந்தார்கள். நல்ல விளைச்சல் எடுத்த விவசாயிக்குக்கூட அந்த வருஷம் ஓண விலை என்று ஒன்று இல்லை.

வெள்ளம் வராத வருஷத்திலும் அந்த விலைக்கு ஆயுள் சில நாட்கள்தான். ஒட்டன்சத்திரத்தில் இறங்கும் காய் இரவு லாரியில் ஏறி பாலக்காடு வழியாகத் திருச்சூர், எர்ணாகுளம் போய்ச் சேர வேண்டும். உத்திராடத்தன்று காலைக்குள் அங்கே இறங்கினால்தான் அது ஓணக் காய். ஆகவே, உத்திராடத்துக்கு முந்தைய நாள் ஏலம்தான் கடைசிப் பெரிய ஏலம். பறிக்க ஆள் கிடைக்காமல் ஒரு நாள் தாமதித்த விவசாயி, அதே பந்தலின் அதே புடலையோடு மறுநாள் சந்தைக்கு வருகிறார். கேரள வியாபாரிகள் லாரியை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருப்பார்கள். ஏலம் கேட்க நிற்பது உள்ளூர்க்காரர்கள் மட்டும். முந்தின நாள் 60 ரூபாய்க்குப் போன காய்க்கு அவர்கள் கேட்பது 25.