மாட்டுக்குப் போடும் ஊசியால் சிறுமிகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்களா?
பாலைப் பார்த்து பதறும் தாய்மார்கள். ஆராய்ச்சியில் தெரியவந்தது என்ன?

டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு. ரேஷன் கடை வரிசையில் இந்தப் பேச்சு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை அழைக்க வந்து நிற்கும் தாய்மார்களிடமும் இதே பேச்சுதான்.

"எங்க காலத்துல பதினாலு, பதினைஞ்சு வயசு ஆகும். இப்ப அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போதே உட்கார்ந்துடுதுங்க. எல்லாம் பால்ல வர்ற ஊசி மருந்துதான்க்கா!"

இதைக் கேட்ட பல வீடுகளில் பெண் பிள்ளைக்குப் பால் நின்றுவிட்டது. ஆண் பிள்ளைக்கு மட்டும் டம்ளர் நிறைய கிடைக்கிறது.

ஊசி போடுவது உண்மை. பிள்ளைகள் முன்பைவிட சீக்கிரம் வயதுக்கு வருவதும் ஓரளவு உண்மை. ஆனால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணமா? அதுதான் கேள்வி.

கன்று இல்லாத மாடு

அந்த ஊசி மருந்தின் பெயர் ஆக்சிடோசின். மாட்டின் உடம்பிலும் மனித உடம்பிலும் இயற்கையாகவே சுரக்கும் ஹார்மோன் இது.

கன்றுக்குட்டி மடியை முட்டினால் தாய் மாட்டின் மூளையில் இருந்து இந்த ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். மடிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பைகளை அது பிழியும். பால் காம்புக்கு வரும். அதாவது, ஆக்சிடோசின் புதிதாகப் பாலை உண்டாக்குவது இல்லை. ஏற்கனவே ஊறி நிற்கும் பாலைக் கீழே இறக்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

நகரத்து மாட்டுக்கொட்டகையில் கன்று செத்துப்போனாலோ, விற்றுவிட்டாலோ மாடு பாலை அடக்கிக்கொள்ளும். எருமை இதில் ரொம்பப் பிடிவாதம். அந்தக் காலத்தில் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொடுத்து பாலை விடும். வைக்கோல் கன்றின் இடத்தை இப்போது சில இடங்களில் ஊசி பிடித்துவிட்டது. லேபிள் இல்லாத பாட்டிலில் திருட்டுத்தனமாக விற்கப்படும் மருந்து அது.

தினமும் குத்தினால் மாடு அதற்கே பழகிவிடும். பிறகு ஊசி இல்லாமல் ஒரு சொட்டுகூட இறங்காது.

எருமைப் பாலில் நடந்த சோதனை

ஊசி போட்ட மாட்டின் பாலில் அந்த மருந்து வருகிறதா? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ம் ஆண்டு வெளிவந்தது.

ஊசி போட்ட எருமைகளின் பாலையும், போடாத எருமைகளின் பாலையும் எடுத்து ஆக்சிடோசின் அளவைக் கணக்கிட்டார்கள். இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஊசி போடாத மாட்டுப் பாலிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு சோதனையும் நடந்தது. மனிதக் குடலில் நடக்கும் ஜீரணத்தைப் போலவே சோதனைச்சாலையில் ஜீரணிக்க வைத்துப் பார்த்தார்கள். அதில் ஆக்சிடோசின் சிதைந்து போய்விட்டது.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்ன புரதச் சங்கிலிதான் ஆக்சிடோசின். முட்டையும் பருப்பும் வயிற்றில் உடைவது போல அதுவும் உடைந்துவிடும். பிரசவ வலி வர ஆஸ்பத்திரியில் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்வது இல்லை. டிரிப்பில் நரம்பு வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். குடித்தால் வேலை செய்யாது என்பதுதான் காரணம்.

பூப்புக்கு வேறு பாதை

ஒரு பேச்சுக்கு, மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது சிறுமி சீக்கிரம் வயதுக்கு வருவாளா?

பெண் வயதுக்கு வருவது மூளையில் தொடங்கும் காரியம். மூளையின் அடிப்பகுதியில் இருந்து உத்தரவு பிறக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு ஹார்மோன்கள் கிளம்பி சினைப்பையைத் தட்டி எழுப்புகின்றன. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மார்பு வளர்வது அதனால்தான். மாதவிலக்கு வருவதும் அதனால்தான். ஆக்சிடோசின் ஈஸ்ட்ரோஜன் அல்ல. அந்த வேலையையும் அது செய்வது இல்லை.

"அப்படியானால் பாலிலேயே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இருப்பது உண்மைதான். சினை மாட்டைக் கறந்தால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஜப்பானில் பால் குடிக்க வைத்து நடத்திய சிறிய சோதனை ஒன்றின் முடிவு 2010-ம் ஆண்டு வெளியானது. நிறையப் பால் குடித்த பிறகு, வயதுக்கு வராத குழந்தைகளின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் கூடியிருந்தது. ஊசி போடாத மாட்டுப் பாலுக்கும் இது பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரில் கூடினால் பூப்பு முந்துமா? அமெரிக்காவில் 9 முதல் 14 வயதுக்குட்பட்ட 5,583 சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவு 2015-ல் வெளியானது. நிறையப் பால் குடித்தவர்களும் குறைவாகக் குடித்தவர்களும் வயதுக்கு வந்த காலத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. கணக்கு 9 வயதில் தொடங்குகிறது. அதற்கு முன்பு குடித்த பாலைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லாது. அதைப் பார்த்த வேறு சில ஆய்வுகளில் லேசான தொடர்பு தென்பட்டது. சிலவற்றில் இல்லை. பால்மீது குற்றப்பத்திரிகை போடும் அளவுக்கு சாட்சி வலுவாக இல்லை.

யார் குற்றவாளி?

அப்படியானால் வயது ஏன் குறைகிறது?

முதலில், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தியப் பெண்களிடம் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை வைத்து 2014-ல் ஆராய்ந்தார்கள். 1955 முதல் 1964 வரை பிறந்தவர்கள் சராசரியாக 13.83 வயதில் வயதுக்கு வந்திருக்கிறார்கள். 1985 முதல் 1989 வரை பிறந்தவர்களுக்கு அது 13.62. அதாவது குறைந்தது மூன்று மாதத்துக்கும் கீழே! நகரத்து வசதியான வீடுகளில் இதைவிட சீக்கிரம் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

ஐரோப்பாவில் சரிவு இன்னும் பெரிது. நார்வே நாட்டில் 19-ம் நூற்றாண்டின் நடுவில் 16 வயதைத் தாண்டித்தான் பெண்கள் வயதுக்கு வந்தார்கள். 20-ம் நூற்றாண்டின் நடுவில் அது 13 வயதை ஒட்டி வந்துவிட்டது. அந்தச் சரிவு தொடங்கிய காலத்தில் மாட்டுக்குப் போட ஹார்மோன் ஊசியே கிடையாது. நல்ல சாப்பாடு கிடைத்தது. பிள்ளைப்பருவத்து நோய்கள் குறைந்தன. காரணம் அதுதான்.

உடம்பில் கொழுப்பு சேரச் சேர, கொழுப்புச் செல்களில் இருந்து லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குப் போகிறது. "உடம்பில் சேமிப்பு போதும்" என்ற தகவல் அது. அதனால் குண்டாக இருக்கும் சிறுமிகளுக்கு பூப்பு முந்துவது பல நாடுகளில் காணப்படுகிறது. தாய் எந்த வயதில் வந்தாள் என்ற பரம்பரைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. இத்தாலி, துருக்கி, இந்தியா உள்பட பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் மிகச் சின்ன வயதில் பூப்படைந்த சிறுமிகள் கூடினார்கள். பால் வழக்கம்போலத்தான் வந்தது. மாறியது ஓட்டமும் விளையாட்டும் தூக்கமும் எடையும் மன உளைச்சலும்! இதில் எது எவ்வளவு காரணம் என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

கோர்ட்டில் நடந்தது

ஊசித் திருட்டைத் தடுக்க, 2018-ம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. உள்நாட்டுத் தேவைக்கான ஆக்சிடோசினை பெங்களூரில் உள்ள ஒரே ஒரு பொதுத்துறை கம்பெனி மட்டும் தயாரிக்க வேண்டும் என்றது.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தித் தாயின் உயிரைக் காக்கும் மருந்தும் இதுவே. தட்டுப்பாடு வந்தால் தாய்மார்கள் சாவார்கள் என்று வழக்கு தொடரப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

அதற்காக மாட்டுக்கு ஊசி குத்தலாம் என்று அர்த்தம் இல்லை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12-வது பிரிவின்படி, பால் கூடுதலாகக் கறக்க மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போட்டால் இரண்டு ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மாடும் பறிமுதல்! ஊசியால் நிச்சயமாகக் கெடுவது வாயில்லாத அந்த ஜீவன்தான்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

இரண்டு சிறுமிகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

முதல் சிறுமிக்கு 9 வயதில் மார்பு அரும்பியது. 11 வயதில் வயதுக்கு வந்தாள். தாய்க்கு 13-ல் வந்ததாம். வீட்டில் பதற்றம். பாக்கெட் பாலை நிறுத்திவிட்டார்கள். டாக்டர்கள் கணக்குப்படி இது இயல்புதான். மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை ஆண்டில் மாதவிலக்கு வருவது வழக்கம். அந்தச் சிறுமிக்கு வேண்டியது மருந்து அல்ல. பாலில் கிடைக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும்தான்.

இரண்டாவது சிறுமிக்கு வயது ஆறரை. மார்பு அரும்பிவிட்டது. ஒரே வருஷத்தில் கிடுகிடுவென உயர்ந்து பாவாடை எல்லாம் குட்டையாகிவிட்டது. "பால்தான் காரணம், நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று வீட்டில் காத்திருந்தால் ஆபத்து. 8 வயதுக்குள் மார்பு அரும்பினாலும், 10 வயதுக்குள் மாதவிலக்கு வந்தாலும் குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அவர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். ரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பார். வயிற்றில் ஸ்கேன் எடுப்பார். ரொம்பச் சின்னப் பிள்ளையானால் மூளையில் கட்டி இருக்கிறதா என்றும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். எலும்பு சீக்கிரம் முற்றிவிட்டால் இன்று வகுப்பிலேயே உயரமான பிள்ளை நாளை குள்ளமாக நின்றுவிடும். தேவைப்பட்டால், மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடும் ஊசியால் பூப்பைத் தள்ளிப்போட முடியும். காலம் தாழ்த்தினால் அந்தப் பலன் குறைந்துபோகும்.