சுமையை அளந்து ஓடுதல்

ஓட்டப் பயிற்சியில் ஏற்படும் காயங்களுள் பல ஒரே நாளில் தோன்றுவதில்லை. வலி வெளிப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே அதற்கான காரணம் பயிற்சிக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கக்கூடும். அதைப் படித்தறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் அதனைப் பரவலாக்கினார். பயிற்சி முடிந்து ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்து, அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு வீரர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார். அதனைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். ஏழு நாள் சுமைகளின் கூட்டுத்தொகையே வாரச் சுமையாகும்.

3000 மீட்டர் ஓட்டத்திற்குப் பயிலும் மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் மூன்று வாரங்களில் அவள் முறையே 240, 250, 260 நிமிடங்கள் ஓடினாள். ஒவ்வொரு நாளும் இட்ட மதிப்பெண் 4. எனவே வாரச் சுமைகள் 960, 1000, 1040. அவற்றின் சராசரி 1000. நான்காம் வாரத்திலும் அவள் 260 நிமிடங்களே ஓடினாள், வேகமும் மாறவில்லை. ஆனால், மதிப்பெண் 5 ஆனது. சுமை 1300 ஆயிற்று. நிமிடங்களை மட்டும் பார்ப்பவருக்கு இம்மாற்றம் புலப்படாது. அதே ஓட்டம் கடினமாகத் தோன்றுவது, முந்தைய உழைப்பிலிருந்து உடல் முழுமையாக மீளவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

இந்நிலையில் மூச்சு சீராக இருப்பதை மட்டும் நம்புதல் பிழை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கோ மாதங்கள் தேவை. சுமையைத் தாங்கும் எலும்பில் பழைய திசு முதலில் அரிக்கப்பட்டு, பின்னரே புதிய திசு உருவாகிறது. இவ்விடைவெளியில் எலும்பு சற்று வலுக்குன்றியிருக்கும்.

ஆகவே, ஐந்தாம் வாரத்திற்கு 280 நிமிடங்கள் திட்டமிட்டிருந்தாலும், அவள் நான்காம் வாரத்தின் 260 நிமிடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து 175 நிமிடங்கள் மெதுவாக ஓடுவதே தக்கது. மதிப்பெண் மீண்டும் 4 ஆனால், 280-க்குத் தாவாமல் 260 நிமிடங்களிலிருந்து தொடரலாம். குறைத்த பின்னரும் மதிப்பெண் இறங்காவிட்டால் ஓய்வை நீட்டிக்க வேண்டும். கணைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தும்போது வலித்தால், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும்.

இக்கணக்கிற்கு எல்லையும் உண்டு. உறக்கக் குறைவு, வெயில், தேர்வுக் கவலை ஆகியவையும் மதிப்பெண்ணை உயர்த்தும். ஒருவரின் எண்ணை மற்றவருடன் ஒப்பிட இயலாது. இந்த எண்ணைக் கடந்தால் காயம் உறுதி என்று கூறத்தக்க எல்லைக்கோடும் இல்லை. வீரரின் இன்றைய எண்ணுக்கு உரிய அளவுகோல், அவருடைய முந்தைய வாரங்களே.