மிச்சத்தில் ஒளிந்திருக்கும் மழைக்காலம்

ஓர் ஊரின் மருத்துவமனைக்கு மாதந்தோறும் வரும் காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை, 120 மாதங்களுக்கு நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ARIMA(1,0,1) மாதிரியைப் பொருத்துகிறோம். அசல் எண்ணிலிருந்து மாதிரி சொன்னதைக் கழித்தால் வருவது எச்சம். மாதிரி சரியென்றால் எச்சங்களுக்குள் எந்தத் தொடர்பும் மிஞ்சக் கூடாது.

முதலில் எச்சங்களின் தன்தொடர்பு வரைபடத்தைப் பாருங்கள். தற்செயலின் எல்லை ஏறத்தாழ ±0.18. பன்னிரண்டாம் இடைவெளியில் 0.4 நின்றால், போன ஆண்டின் அதே மாதம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

1978-இல் லியங்கும் பாக்ஸும் தந்த சோதனை எல்லா இடைவெளிகளையும் சேர்த்து எடைபோடுகிறது:

Q = n(n+2) Σ r²ₖ/(n−k)

அந்த ஒரு 0.4 மட்டுமே Q-வில் 21.7 சேர்க்கும். 12 இடைவெளிகளில், மதிப்பிட்ட இரண்டு அளவுருக்களைக் கழித்தால் சுதந்திரப் படிகள் 10; ஐந்து சதவீத வரம்பு 18.3. மாதிரி சோதனையில் தோற்றது.

R-இல் இந்தக் கழிப்பை நாமே சொல்ல வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்:

```
Box.test(res, lag=12, type="Ljung-Box", fitdf=2)
```

தோல்வி என்றால் தரவு கெட்டது என்று பொருளல்ல. மாதிரி பருவத்தைப் பிடிக்கவில்லை. அதன் கணிப்பு எல்லைகளை நம்ப முடியாது. பருவ உறுப்பைச் சேர்த்து மீண்டும் பொருத்துங்கள். தேறினாலும், 120 மாதங்களில் சிறு தொடர்புகள் சோதனைக்குத் தப்பலாம்; அதனால் வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.