திண்ணைத் துண்டறிக்கை – 7: மூன்று என்றார், எட்டு விரல் காட்டினார்

பக்கவாதத்தில் பேச்சு போனவருக்குப் புத்தி போய்விடவில்லை, காதும் போய்விடவில்லை, அதனால் கத்திப் பேச வேண்டாம் என்று போன வாரம் எழுதி நிறுத்தினோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களின் கையில் கொடுக்க நாம் எழுதிவரும் துண்டறிக்கையின் இரண்டாம் பக்கம் சாப்பாடு ஊட்டுவது பற்றி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் லெலோங் என்ற கிழவர் வந்து சேர்ந்துவிட்டார். அவரைக் கடந்து போக எனக்கு மனமில்லை.

பேச்சிழப்பு என்றதும் மருத்துவப் புத்தகங்கள் சொல்வது 1861 ஏப்ரலில் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் இறந்த லெபோர்ன் என்பவரைத்தான். எதைக் கேட்டாலும் "டான்" என்று மட்டுமே சொன்னவர். அவரை ஆராய்ந்த அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் அதே ஆண்டு அக்டோபரில் இன்னொருவர் வந்தார். அவர்தான் லெலோங். வயது 84. மண் வெட்டிப் பிழைத்தவர். தொடை எலும்பு முறிந்து வந்திருந்தார். பேச்சு அதற்கு முன்பே போயிருந்தது. மிஞ்சியவை ஐந்து சொற்கள்: ஆம், இல்லை, எப்போதும், மூன்று, அப்புறம் அரைகுறையாக அவருடைய பெயர்.

எந்த எண்ணைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது "மூன்று"தான். புரோக்கா எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். "மூன்று" என்று சொல்லிக்கொண்டே எட்டு விரலை நீட்டினார் கிழவர். பிள்ளைகள் உண்டா? "ஆம்." எத்தனை பேர்? "மூன்று" என்றார், விரல் நான்கு. ஆண் பிள்ளைகள்? மறுபடி "மூன்று", விரல் இரண்டு. பெண் பிள்ளைகள்? அதே சொல், அதே இரண்டு விரல். மணி என்ன என்றதும் "மூன்று" என்று பத்து விரலையும் விரித்தார். அப்போது மணி பத்துதான். இரண்டும் இரண்டும் நான்கு என்ற கணக்குகூடத் தப்பவில்லை. வாய் மட்டும் தப்பான சொல்லை எடுத்துக் கொடுத்தது.

இதை நம் பக்கத்து வீடு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். எட்டயபுரம் சாலையை ஒட்டி மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் போடும் ஒரு சம்சாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கை விழுந்துவிட்டது. எதற்கும் "நாளைக்கு, நாளைக்கு" என்கிறார். மருமகள் வந்து, "மாமா, காப்பி வேணுமா, டீ போடவா, இல்ல வெந்நி தரவா?" என்று ஒரே மூச்சில் கேட்கிறாள். தலையை ஆட்டுகிறார். காப்பி வந்ததும் தள்ளிவிடுகிறார். "என்ன கேட்டாலும் தலையாட்டுறாக, அப்புறம் கோவப்படுறாக" என்று வீட்டில் பேச்சு. மகன் சிலேட்டைக் கொண்டுவந்து எழுதச் சொல்கிறான். அதுவும் வரவில்லை. பேச்சைக் கெடுத்த அதே காயம் பெரும்பாலும் எழுத்தையும் கெடுக்கும். அதனால் சிலேட்டு தோற்றதை வைத்து "மூளையே போச்சு" என்று முடிவு கட்டக் கூடாது.

அந்த வீடு முதலில் செய்ய வேண்டியது, அவருடைய ஆமா, இல்லை இரண்டையும் நம்பலாமா என்று பார்ப்பது. நாம் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆமா என்கிறோம், கொஞ்சம் மாறி அசைத்தால் இல்லை என்கிறோம். கழுத்தும் தளர்ந்த ஆளிடம் அது இரண்டுமாகத் தெரியும். ஆகவே தலையை விட்டுவிட்டு இடது கையைப் பிடிக்கலாம். கட்டைவிரல் மேலே என்றால் ஆமா, கீழே என்றால் இல்லை. பிறகு, விடை நமக்கே தெரிந்த பத்துக் கேள்விகளை ஆமாவும் இல்லையும் சரிபாதியாக வருமாறு கலந்து, நிதானமாகக் கேட்க வேண்டும். தீப்பெட்டியைக் காட்டி "மாமா, இது தீப்பெட்டியா?" அடுத்து செம்பைக் காட்டி "இது குடையா?" ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் மனசுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது. ஒன்பது, பத்து சரியென்றால் அந்த விரலை நம்பலாம். ஐந்து, ஆறு என்றால் அது குருட்டாம்போக்கு. எல்லாவற்றுக்கும் ஆமா என்றாலும் ஐந்து சரியாகத்தான் வரும். அதனால்தான் பாதிக் கேள்விகளுக்கு விடை "இல்லை" ஆக இருக்க வேண்டும்.

காட்டும் பொருளையும் படத்தையும் அவருடைய இடது பக்கம் வைக்க வேண்டும். வலது கை விழுந்த பலருக்கு இரண்டு கண்ணிலும் வலது பக்கப் பார்வையும் மங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் வலது பக்கம் வைத்துவிட்டு, புரியவில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கரிசலில் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. இரண்டு மொழியும் ஒரே அளவில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்தப் பத்துக் கேள்விகளை இரண்டு மொழியிலும் கேட்டுப் பாருங்கள்.

விரல் நம்பகமானதும் பெரிதிலிருந்து சிறிதுக்குப் போகலாம். "உடம்புக்கா?" கீழே. "ஆளப் பத்தியா?" கீழே. "காட்டப் பத்தியா?" மேலே. "பருத்தியா?" மேலே. "மருந்து அடிக்கணுமா?" கீழே. "எடுப்புக் கூலியா?" மேலே. "பருத்தி எடுத்தவுகளுக்குக் கூலி பாக்கி இருக்கு, அதக் குடுக்கச் சொல்றீகளா?" என்று கடைசியில் முழுதாக ஒருமுறை சொல்லிக் காட்ட வேண்டும். பலரும் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். நாம் ஊகித்தது அவருடைய பேச்சாகப் பதிந்துவிடக் கூடாது.

எத்தனை பேருக்கு என்று கேட்கும்போதுதான் லெலோங் உதவுகிறார். வாய் "ரெண்டு" என்று சொல்லலாம். விரலைக் கேளுங்கள். நம் சம்சாரிக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. ஐந்துக்கு மேல் போனால் 1 முதல் 10 வரை ஒரு அட்டையில் மேலிருந்து கீழாகப் பெரிதாக எழுதித் தொடச் சொல்ல வேண்டும். பணமானால் நோட்டுகளையே எடுத்து வைக்கலாம். சிலருக்கு எண்ணின் பொருளே குழம்பியிருக்கும் என்பதால் இங்கேயும் "நாலு பேருக்கா?" என்று கட்டைவிரலில் உறுதி செய்ய வேண்டும். மாத்திரைக் கணக்கை மட்டும் வாயையும் விரலையும் நம்பி விடாமல் சீட்டைப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

எல்லாருக்கும் இது பலிக்காது. சரளமாகப் பேசியும் சொற்கள் குழம்பி, நாம் சொல்வதே புரியாமல் போகிற வகை ஒன்று உண்டு. கார்ல் வெர்னிக்கே 1874-இல் விவரித்தது. அவர்களிடம் பத்துக் கேள்வி தோற்கும். பொருளைக் கையில் கொடுத்து, செய்து காட்டித்தான் பேச வேண்டும். அதற்குத் தனிப் பத்தி எழுத வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை வருகிறது, கை கால் பயிற்சிக்கு ஆள் வருகிறார். வருகிறவரிடம் இந்தப் பத்துக் கேள்வியின் விடைகளைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போனாலும் அந்தத் தாள் கூடவே போகட்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டால் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதும் அதில் தெரியும். இருந்த பேச்சு திடீரென்று இன்னும் மோசமானால் தாளைத் தேட வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.

சாப்பாடு அடுத்த வாரம். அதுவரை, தண்ணீர் குடித்ததும் இருமுகிறவருக்கும் குரல் கரகரவென்று ஈரமாக மாறுகிறவருக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்லும் முன் வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.