இருமல் எந்த மாத்திரைக்கு, கால் வீக்கம் எந்த மாத்திரைக்கு?

பார்மசி, நர்சிங் படிக்கிற பிள்ளைகள் எல்லோருடைய நோட்டிலும் ஓர் அட்டவணை இருக்கும். முதல் பத்தியில் மருந்து வகை, இரண்டாவதில் நாலைந்து மருந்துப் பெயர்கள், மூன்றாவதில் பக்க விளைவுகள். இரத்த அழுத்த மருந்துகளுக்கு மட்டும் ஐந்து முக்கிய வரிசைகள். முதல் நாள் இரவு அத்தனையையும் உருப்போட்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பரீட்சையில் பெயர்கள் நினைவில் நிற்கும். பக்க விளைவுகள் இடம் மாறிவிடும். எனலாப்ரில் மாத்திரைக்கு எழுத வேண்டிய வறட்டு இருமலை அம்லோடிபைனுக்கு எழுதிவிட்டு வருவார்கள். வீட்டில் நாள்தோறும் பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே குழப்பம்தான். மாத்திரையோடு வந்த தாளில் இருபது பக்க விளைவுகள் இருக்கும். தனக்கு வந்திருப்பது எதனால் என்று தெரியாது.

காரணம், அந்த அட்டவணையில் ஒரு பத்தி விடுபட்டிருப்பது. மருந்து உடம்பில் எந்த இடத்தில் போய் என்ன செய்கிறது என்ற பத்தியை நடுவில் சேர்த்துவிட்டால், கடைசிப் பத்தியில் பெரும்பகுதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாமே யோசித்து எழுதிவிடலாம்.

அதற்கு முன் பெயர்களைப் பார்த்துவிடுவோம். அட்டையில் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப் பெயரைத் தேடுங்கள். ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளின் பொதுப் பெயர்களுக்குப் பொதுவான ஒரு பகுதி இருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் எல்லாம் 'ப்ரில்'. லோசார்டன், டெல்மிசார்டன் 'சார்டன்'. அம்லோடிபைன், நிஃபெடிபைன், சில்னிடிபைன் 'டிபைன்'. அடினோலால், மெட்டோப்ரோலால் 'ஓலால்'. ஹைட்ரோகுளோரோதையசைடு 'தையசைடு'. இதோடு ஐந்து வரிசைகளும் முடிந்தன.

வாலைப் பாதியாக வெட்டிப் படித்தால் மட்டும் ஏமாந்துபோவோம். 'சைடு' என்று முடிவதால் கிளிக்ளாசைடும் அதே குடும்பம் என்று நினைத்தால் தப்பு. அது சர்க்கரை மாத்திரை. ஓலான்சபைன் 'பைன்' என்று முடிந்தாலும் மனநல மருந்து. 'தையசைடு', 'டிபைன்' என்று முழுசாகப் பார்க்க வேண்டும்.

இப்போது விடுபட்ட பத்திக்கு வருவோம். 'ப்ரில்' வரிசையில் தொடங்குவதுதான் நல்லது, அங்கேதான் கதை இருக்கிறது. நம் உடம்பில் ஏ.சி.இ. என்று ஒரு நொதி இருக்கிறது. அதை ஒரு கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பொருள்களை வெட்டுகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை வெட்டும்போது, இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் வடிவம் உருவாகிறது. பிராடிகைனின் என்ற பொருளை வெட்டும்போது அந்தப் பொருள் அழிந்துபோகிறது. 'ப்ரில்' மருந்து இந்தக் கத்தரிக்கோலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. முதல் வேலை நின்றதால் பிரஷர் இறங்குகிறது. இரண்டாவது வேலையும் நின்றதால் பிராடிகைனின் அழியாமல் சேர்கிறது, மூச்சுக்குழாயின் நரம்பு நுனிகளைத் தூண்டிவிடுகிறது. சளி இல்லாத, தொண்டையை அரிக்கிற வறட்டு இருமல் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்ட வழியே இதைத்தான் சொல்கிறது. பிரேசில் நாட்டு ஜரராக்கா விரியன் பாம்பின் விஷம் பிராடிகைனினின் வேலையை வலுப்படுத்துகிறது என்று 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற விஞ்ஞானி காட்டினார். விஷத்தில் இருந்த சிறு புரதத் துண்டுகள் அந்த நொதியை நிறுத்துகின்றன என்று பிறகு தெரியவந்தது. அதை வைத்து அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி ஆகியோரின் குழு கேப்டோப்ரில் என்ற முதல் மாத்திரையை உருவாக்கியது. 1981இல் அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது. பிராடிகைனினைத் தேடிப் போய்க் கிடைத்த மருந்துக்குப் பிராடிகைனினாலேயே இருமல் வருகிறது. இந்த வரலாற்றைக் கேட்ட மாணவர் 'ப்ரில்' இருமலை வேறு வரிசையில் எழுதமாட்டார் என்பது என் அனுபவம்.

'சார்டன்' அந்தக் கத்தரிக்கோலைத் தொடுவதே இல்லை. உருவான ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் அடைத்துவிடுகிறது. பிராடிகைனின் வழக்கம்போல அழிகிறது. அதனால்தான் 'ப்ரில்' போட்டு இருமுகிறவருக்கு டாக்டர் 'சார்டன்' மாற்றிக் கொடுக்கிறார்.

மற்றபடி இரண்டும் ஒரே வழியைத்தான் மறிக்கின்றன, ஆகவே மிச்சப் பக்க விளைவுகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆஞ்சியோடென்சின் சொல்லித்தான் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுவது அதன் வேலை. அது குறைந்தால் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஆபத்தாகலாம். மாத்திரை தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கூடாது என்பதும் ஒரே காரணத்தால் வருவது: கருவின் சிறுநீரகம் வளர இந்த ஆஞ்சியோடென்சின் வழி தேவை.

அம்லோடிபைனுக்கு வருவோம். இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தசை சுருங்கக் கால்சியம் உள்ளே போக வேண்டும். 'டிபைன்' அந்தக் கதவை அடைக்கிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. ஆனால் விரிவது பெரும்பாலும் இரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகள்தான். திருப்பி எடுத்துப்போகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. உள்ளே வருவது கூடிவிட்டது, வெளியே போவது அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. நாள் முழுக்க நின்று நடக்கிற காலில் கசிவு தேங்கி, சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் தெரிகிற அளவுக்குக் கணுக்கால் வீங்குகிறது. படுத்து எழுந்தால் கொஞ்சம் வடிந்திருக்கும்.

இந்த வீக்கம் உடம்பில் உப்பும் நீரும் கூடியதால் வந்ததல்ல. இது மனதில் பதிந்தால், சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை ஏன் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

பீட்டா பிளாக்கர் எனப்படும் 'ஓலால்' வரிசைக்கு ஒரே கேள்வி போதும்: அட்ரினலின் உடம்பில் என்னென்ன செய்கிறது? இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், சர்க்கரை இறங்கினால் படபடப்பையும் நடுக்கத்தையும் கொடுத்து எச்சரிக்கும். எல்லாவற்றையும் தலைகீழாக எழுதுங்கள். நாடி மெதுவாகும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிறைக்கும், சர்க்கரை நோயாளிக்கு அந்த எச்சரிக்கை மறைந்துபோகும். வியர்ப்பது மட்டும் மறையாது, ஏனென்றால் வியர்வைச் சுரப்பியை இயக்குவது வேறு நரம்புச் செய்தி. தையசைடுக்கும் அப்படியே. சிறுநீரகத்திலிருந்து உப்பை வெளியே தள்ளுகிறது. கூடவே பொட்டாசியமும் போகிறது. யூரிக் ஆசிட் வெளியேறாமல் தங்குகிறது. சோர்வு, தசைப்பிடிப்பு, கட்டைவிரல் கணுவில் திடீரென்று வரும் கௌட் வலி மூன்றும் இதிலேயே அடங்கும். முதியவர்களுக்கு சோடியம் மிகவும் இறங்கிப்போய்ப் பேச்சு தடுமாறலாம்.

இந்தப் பத்தி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒருவரை வைத்துப் பார்ப்போம். அறுபது வயது அம்மா ஒருவர். எனலாப்ரில் தொடங்கி ஒரு மாதத்தில் வறட்டு இருமல். மாத்திரையோடு அதை யாரும் முடிச்சுப்போடவில்லை. இருமல் மருந்து இரண்டு பாட்டில், பிறகு எக்ஸ்ரே. அதில் ஒன்றும் இல்லை. பிறகு மாத்திரையை மாற்றி அம்லோடிபைன் 5 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்தில் இருமல் அடங்குகிறது. பிரஷர் போதிய அளவு இறங்காததால் 10 மில்லிகிராமாகக் கூட்டுகிறார்கள். கால் வீங்குகிறது. வேறொரு இடத்தில் காட்டுகிறார்; வீக்கத்துக்கு ஃபுரோசமைடு எழுதித் தருகிறார்கள். வீக்கம் பெரிதாக வடியவில்லை. ஆனால் பொட்டாசியம் இறங்கி, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. இப்போது தலைசுற்றலுக்கு நான்காவதாக ஒரு மாத்திரை.

ஒவ்வொரு புகாரையும் புது நோயாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. நடுப்பத்தியை வைத்துப் படித்தவர் பின்னோக்கி நடப்பார். தலைசுற்றலும் பிடிப்பும் ஃபுரோசமைடால், ஃபுரோசமைடு வந்தது வீக்கத்தால், வீக்கம் அம்லோடிபைனின் அளவால். 10ஐ 5 ஆக்கி, டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் சேர்த்தால் பிரஷரும் அடங்கும், இருமலும் வராது. இன்னொரு லாபமும் உண்டு. 'சார்டன்' சிரைகளையும் தளர்த்துவதால் நுண்குழாயின் அழுத்தம் குறைந்து வீக்கமும் குறையும். மருந்துக் கடையில் டெல்மிசார்டனும் அம்லோடிபைனும் ஒரே மாத்திரையாக இவ்வளவு விற்பதற்கு இது ஒரு காரணம். டெல்மிசார்டனோடு தையசைடைச் சேர்த்திருப்பதிலும் இதே கணக்குதான்: ஒன்று பொட்டாசியத்தை ஏற்றும், மற்றது இறக்கும். இந்த மாற்றங்களைச் செய்ய வேண்டியவர் டாக்டர்தான். நோயாளி தானாக நிறுத்தினால் பிரஷர் எகிறும். 'ஓலால்' மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியே வரலாம். எந்த மாத்திரை தொடங்கிய பின், எத்தனை நாளில், என்ன வந்தது என்று தேதியோடு சொன்னால் அவருக்கு அதுவே பெரிய உதவி.

எல்லாவற்றையும் இப்படி யோசித்து எழுதிவிட முடியாது. அம்லோடிபைனால் சிலருக்கு ஈறு தடித்து வளர்கிறது. தையசைடு போடுகிறவரின் தோல் வெயிலுக்குச் சிவக்கிறது. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். எத்தனை பேருக்கு வரும் என்பதையும் நடுப்பத்தி சொல்லாது. 'ப்ரில்' இருமல் நூறு பேரில் ஐந்து முதல் இருபது பேர் வரை வருவதாகச் சொல்கிறார்கள். மற்றவர்கள் வருடக்கணக்கில் சும்மா போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அரிதாக வந்தாலும் சிவப்பு மையில் எழுதிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. 'ப்ரில்' போடுகிற சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டை திடீரென்று வீங்கும். இதற்கும் அதே பிராடிகைனின்தான் காரணம். முதல் வாரத்திலும் வரலாம், ஐந்து வருடம் ஒன்றுமில்லாமல் போட்ட பிறகும் வரலாம். அலர்ஜி என்று நினைத்து அவில் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் இந்த வீக்கம் ஹிஸ்டமினால் வருவதல்ல. மூச்சு அடைவதற்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அதன்பின் வாழ்நாளில் அவருக்கு எந்த 'ப்ரில்' மாத்திரையும் கொடுக்கக் கூடாது.