இழைப் பிரிப்பு

இழைப் பிரிப்பு என்பது நீண்ட உரையொன்றை எண்ணிட்ட சிறு பதிவுகளின் தொடராக, அதாவது இழையாக, நிரல் மூலம் தானாகப் பிரிக்கும் முறையாகும். 2023 இல் எக்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்ட டுவிட்டரில், கட்டணமில்லாக் கணக்கின் ஒரு பதிவு 280 வரியுருக்களுக்குள் அடங்க வேண்டும்.

வெட்டும் இடம்

நிரல், வரம்பிற்குள் வரும் கடைசி வாக்கிய முடிவில் உரையை வெட்டுகிறது. புள்ளிக்குப் பின் இடைவெளி இருந்தால் மட்டுமே அது வாக்கிய முடிவாகக் கொள்ளப்படும், இதனால் 3.5 போன்ற எண்களும் இணைய முகவரிகளும் உடைவதில்லை. எனினும் "திரு." போன்ற சுருக்கங்களுக்குத் தனிப் பட்டியல் தேவை. ஒரு வாக்கியமே வரம்பை மீறினால், அது சொல் இடைவெளியில் வெட்டப்படும். இணைய முகவரி எந்நீளமாயினும் 23 வரியுருக்களாகவே கணக்கிடப்படுகிறது.

எண்ணிடுதல்

பதிவின் இறுதியில் "3/9" என்பது போன்ற எண் சேர்க்கப்படுகிறது. மொத்த எண்ணிக்கை பிரித்த பின்னரே தெரியும். ஆனால் எண்ணுக்கு இடம் ஒதுக்காமல் பிரிக்க இயலாது. ஆகவே முதலில் மொத்தம் ஓரிலக்கம் எனக் கொண்டு, முன்னிடைவெளியுடன் 4 வரியுருக்கள் ஒதுக்கப்படுகின்றன, எஞ்சுவது 276.

2480 வரியுருக்கள் கொண்ட உரை கணக்குப்படி 9 பதிவுகளில் அடங்கும் (9 × 276 = 2484). ஆனால் வாக்கிய முடிவுகளில் வெட்டும்போது வீணாகும் இடத்தால் 10 பதிவுகள் தேவைப்படலாம். அப்போது 276 வரியுருக்கள் நிரம்பிய முதற்பதிவுடன் "1/10" சேர்ந்தால் 281 ஆகி, அப்பதிவு ஏற்கப்படாது. எனவே நிரல் 6 வரியுருக்களை ஒதுக்கி, 274 ஐ வரம்பாகக் கொண்டு முழு உரையையும் மீண்டும் பிரிக்கிறது.